ஜோடியை வெட்டுவதா, வரிசையை நீட்டுவதா?

"பெண்டே ஆட்டத்தில் என் கருப்புக் கற்கள் மூன்று வரிசையாக நின்றன, இரண்டு பக்கமும் காலி. எதிராளியின் ஜோடி ஒன்றும் வெட்டுக்குக் கிடைத்தது. இலவசமாக வருகிறதே என்று வெட்டினேன். கடைசியில் தோற்றேன். நீட்டியிருக்க வேண்டுமா? படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன்."

```
+ + + + + + +
+ + + அ + + +
+ + ● ● ● இ +
+ + + ● + + +
+ + + ○ + + +
+ + + ○ + + +
+ + + ஆ + + +
```

ஆமாம், நீட்டியிருக்க வேண்டும். ஆனால் எதிராளி அதுவரை எத்தனை ஜோடி வெட்டியிருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. விடை அதைப் பொறுத்தது. பெண்டேயில் ஐந்து கல்லை வரிசையாக வைத்தால் வெற்றி. எதிராளியின் அடுத்தடுத்த இரண்டு கல்லை இரு முனையிலும் நம் கல்லை வைத்து அடைத்தால் அந்த ஜோடி வெட்டுப்பட்டு பலகையை விட்டுப் போய்விடும்.

ஆ-வில் வைத்து நீங்கள் ஜோடியை வெட்டியதும் அடுத்த முறை அவருடையது. அவர் இ-யில் ஒரு கல்லை வைத்து உங்கள் மூன்றின் ஒரு பக்கத்தை அடைத்துவிடுவார். ஒரு ஜோடி கிடைத்தது, கையிலிருந்த வெற்றி போய்விட்டது. நன்றாக ஆடுகிறவர்கள் இதற்காகவே ஒரு ஜோடியைத் தூண்டிலாக விட்டுவைப்பார்கள். கிடைத்த ஜோடியை உடனே வெட்டு என்று சொல்லிக்கொடுத்து 'ரகசிய உத்தி' என்ற பெயரில் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பணம் கட்டாதீர்கள். அந்த ஒரு பழக்கத்தால்தான் புதியவர்கள் அதிகம் தோற்கிறார்கள்.

சரி, இ-யில் வைத்து நான்காக நீட்டினால்? ஒரு முனையை அடைத்தால் மறுமுனையில் ஐந்து முடிந்துவிடும், அதனால் அடைத்துப் பயனில்லை. அவருக்கு மிச்சம் இருப்பது அ மட்டும்தான். உங்கள் வரிசையின் நடுக்கல்லும் அதன் கீழே இருக்கும் கல்லும் மேலும் கீழுமாக ஒரு ஜோடி. கீழே அவருடைய வெள்ளை ஏற்கெனவே நிற்கிறது. அ-வில் வைத்தால் இரண்டும் போய், உங்கள் நான்கில் ஓட்டை விழும். பலர் இங்கேதான் பயந்துபோய் நீட்டாமல் விடுகிறார்கள். பயப்பட வேண்டாம். அதே ஓட்டையில் கல்லைத் திரும்ப வையுங்கள். இரண்டு பக்கமும் திறந்த நான்கு மறுபடியும் நிற்கும். கீழ்க்கல் போய்விட்டதால் அங்கே இப்போது ஜோடி இல்லை, வெட்டவும் முடியாது. அவர் ஒரு பக்கம் அடைப்பார், நீங்கள் மறுபக்கம் வைத்து முடிப்பீர்கள்.

இதற்கு முக்கியமான விலக்கு ஒன்று உண்டு. பெண்டேயில் ஐந்து ஜோடி, அதாவது 10 கல் வெட்டினாலும் வெற்றிதான். அவர் ஏற்கெனவே நான்கு ஜோடி வெட்டியிருந்தால் அ-வில் வைக்கும் கல் ஐந்தாவது ஜோடியைத் தரும். ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும், ஓட்டையை நிரப்ப உங்களுக்கு முறையே வராது. அந்த நிலையில் மட்டும் ஆ-வில் வைத்து முதலில் வெட்டுங்கள். கீழே இருந்த வெள்ளைகள் போனதும் உங்கள் ஜோடிக்கு இரண்டு பக்கமும் காலி. அவர் அதை வெட்ட இரண்டு கல் வைக்க வேண்டும். ஒன்றை அவர் அ-வில் வைத்தால், நீங்கள் உங்கள் ஜோடிக்கு நேர் கீழே வையுங்கள். மூன்று கல் சேர்ந்தால் அது ஜோடி இல்லை, வெட்ட முடியாது. அதோடு ஆ-வில் உள்ள கல்லும் சேர்ந்து, நடுவில் ஒரே இடம் விட்ட நான்கு ஆகிவிடும். அவர் அந்த இடத்தை அடைத்தே ஆக வேண்டும். அடுத்த முறையில் இ-யில் நீட்டுங்கள். அவர் அ-வை விட்டு ஜோடிக்குக் கீழே வைத்தால், நீங்கள் அ-வில் வைத்துக் காப்பாற்றுங்கள். அதற்குள் அவர் உங்கள் மூன்றை அடைப்பார். வேகம் குறையும், ஆனால் தோற்கவில்லை.

அவர் மூன்று ஜோடி வெட்டியிருந்தால் பலகை முழுவதையும் ஒரு சுற்றுப் பாருங்கள். அ-வில் வெட்டினால் நான்காகும். நீங்கள் ஓட்டையை நிரப்பும்போது வேறெங்காவது உங்கள் ஜோடி ஒன்று வெட்டுக்கு நின்றால் அதுவே ஐந்தாவது. அப்படி ஒன்றும் இல்லையென்றால் தைரியமாக நீட்டலாம்.

வெட்டிய கல்லைக் கிண்ணத்தில் திரும்பப் போடாதீர்கள். பலகை ஓரத்தில் ஜோடி ஜோடியாக அடுக்கி வையுங்கள். செயலியில் ஆடினால் அங்கே காட்டும் எண் கல்லா ஜோடியா என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். 8 என்று காட்டுவது நான்கு ஜோடியாகவும் இருக்கலாம். 1977-இல் ஓக்லஹோமாவில் கேரி கேப்ரல் உருவாக்கிய ஆட்டம் இது. இத்தனை வருடம் ஆகியும், மலிவுப் பெட்டிகளில் வரும் விதித்தாளில், நாமே போய் இரண்டு எதிரிக் கற்களுக்கு நடுவே ஜோடியை முடித்தால் அது வெட்டுப்படாது என்பதைக்கூட ஒழுங்காக எழுதுவதில்லை. அதைக் கேட்டுச் சண்டை போடுவது என்னவோ ஆடுகிறவர்கள்தான். கேரியோ பெண்டே என்ற வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஆடவும் செய்கிறார்கள். அதில் மூன்று கல்லையும் வெட்டலாம், வெற்றிக்கு 15 கல் வேண்டும். மேலே சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது.