35 மார்க் எந்தக் கட்டத்தில் விழுகிறது? ஹிஸ்டோகிராம் பற்றிய கேள்வி பதில்

பதில் சொல்பவர் நாகர்கோவில் பக்கம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் ஆசிரியை.

தக்கலை, பத்தாம் வகுப்பு கணித ஆசிரியர்: டீச்சர், அரையாண்டுத் தேர்வில் 40 பிள்ளைகளின் கணக்கு மார்க்கை, பத்துப் பத்து மார்க்குக்கு ஒரு கட்டம் என்று 10 அகலத்தில் ஹிஸ்டோகிராமாக வரைந்தேன். ஒரே மேடு, அழகாக இருக்கிறது. சக ஆசிரியர் 5 அகலத்தில் வரைந்தார், நடுவில் ஒரு பள்ளம். எது சரி? மார்க்குகளை ஏறுவரிசையில் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: பார்த்தேன் சார். உங்கள் படத்தில் 20க்குக் கீழே ஒருவர், 20களில் 5 பேர், 30களில் 10 பேர், 40களில் 8, 50களில் 6, அப்புறம் 4, 3, 2, 1 என்று இறங்குகிறது. பார்க்கிறவர் 'வகுப்பு கொஞ்சம் பலவீனம், மற்றபடி ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டுப் போவார்.

5 அகலத்தில் அந்த 30களைப் பிரித்தால் 30-34ல் ஒரே ஒரு பிள்ளை (31), 35-39ல் 9 பேர். அந்த ஒன்பதில் ஐந்து பேர் சரியாக 35. 32, 33, 34 எடுத்தவர் ஒருவர்கூட இல்லை. 10 அகலம் பொய் சொல்லவில்லை. தேர்ச்சிக் கோடு 35ல் இருக்க, அந்தக் கோட்டின் இரண்டு பக்கத்தையும் ஒரே கட்டத்துக்குள் போட்டு மூடிவிட்டது, அவ்வளவுதான். தேர்வு மார்க்கில் நான் முதலில் கேட்பது அகலம் எவ்வளவு என்று இல்லை, கட்டத்தின் ஓரம் எங்கே விழுகிறது என்று. 10 அகலமே வைத்துக்கொண்டு 25-34, 35-44 என்று தொடங்கியிருந்தால் 4, 13 என்று வந்திருக்கும். பள்ளம் அதிலேயே தெரிந்திருக்கும்.

மார்த்தாண்டம், டியூஷன் நடத்துபவர்: அப்படியானால் அகலம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு உண்மை, இல்லையா? நான் எப்போதும் 1 தான் வைப்பேன்.

பதில்: பாதி சரி. 35ல் குவிந்திருக்கிறதா என்று தேட 1 அகலம்தான் நல்லது. இந்த 40 மார்க்கில் 35 மட்டும் ஐந்து உயரம் நிற்கும், மற்றதெல்லாம் ஒன்றோ இரண்டோ. ஆனால் அதே படத்தை வைத்துக்கொண்டு '36லும் 48லும் இரண்டு பேர், 45ல் யாருமே இல்லை, ஏன்?' என்று கேட்கக்கூடாது. 40 பேரை நூறு மார்க்கில் பரப்பினால் அப்படி ஓட்டை விழத்தான் செய்யும். அடுத்த தேர்வில் ஓட்டைகள் வேறு இடத்தில் இருக்கும். வகுப்பின் பொதுவான வடிவம் அதில் தெரியாது.

இன்னொன்று. மார்க் முழு எண்ணாக இருக்கும்போது 2.5 அகலம் வைத்துவிடாதீர்கள். 30லிருந்து 32.5 வரை மூன்று மார்க் (30, 31, 32) அடங்கும், அடுத்த கட்டத்தில் இரண்டுதான் (33, 34). படம் முழுக்கச் சீப்புப் பல் மாதிரி ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் நீங்கள் வைத்த அகலத்தினால் வந்தது, அதில் பிள்ளைகளுக்குப் பங்கில்லை.

குளச்சல், ஒரு மாணவியின் அம்மா: என் மகளுக்கு 34 வந்திருக்கிறது. அகலத்தை மாற்றினால் அவள் பாஸ் ஆவாளா?

பதில்: இல்லை அம்மா. படத்தை எப்படி வரைந்தாலும் அவளுடைய மார்க் மாறாது. விடைத்தாளை வாங்கிக் கூட்டலை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். 34க்கு அதுதான் முதலில் செய்ய வேண்டியது.

கருங்கல், பள்ளி அலுவலகத்தில் கணினிப் பணி: எக்செலில் நானே 5 அகலம் வைத்து, 30, 35, 40 என்று ஓரமும் சரியாகக் கொடுத்தேன். தக்கலை சாரின் அதே 40 மார்க். பள்ளம் வரவே இல்லையே?

பதில்: நல்ல இடத்தில் மாட்டியிருக்கிறீர்கள். எக்செலின் ஹிஸ்டோகிராம், ஓரத்தில் நிற்கும் மார்க்கை இடதுபக்கக் கட்டத்தில் சேர்க்கும். 30க்கு மேல், 35 வரை என்பது ஒரு கட்டம். ஆக 31 எடுத்த பிள்ளையோடு 35 எடுத்த ஐந்து பேரும் சேர்ந்து 6, அடுத்த கட்டத்தில் 36, 36, 37, 38 என்று 4. வரிசை 2, 3, 6, 4, 4 என்று சாதுவாக இருக்கும். பாஸ் ஆனவர்களைத் தோற்றவர்கள் பக்கம் தள்ளிவிட்டது. FREQUENCY சூத்திரமும் இப்படித்தான் எண்ணும்.

பத்தாம் வகுப்புக்குக் கீழேயே 0.5 குறைத்துப் பிரிவுகளைத் தொடர்ச்சியாக்கச் சொல்லிக்கொடுக்கிறோமே, அது இதற்குத்தான். ஓரங்களை 29.5, 34.5, 39.5 என்று வையுங்கள். எந்த மார்க்கும் ஓரத்தில் நிற்காது, எந்த மென்பொருளானாலும் ஒரே விடை வரும். சந்தேகமிருந்தால் ஒரு கட்டத்தை மட்டும் தனியாக எண்ணிப் பாருங்கள்:

```
=COUNTIFS(A2:A41,">=35",A2:A41,"<40")
```

9 வர வேண்டும்.

நாகர்கோவில், எம்.எஸ்ஸி. மாணவர்: மேடம், அகலம் எவ்வளவு என்று முடிவு செய்ய விதிகள் இருக்கின்றனவே. கையால் ஓரம் வைப்பது நம் விருப்பத்துக்கு வரைவது ஆகிவிடாதா?

பதில்: ஆகலாம், அந்த பயம் நியாயமானது. விதிகளையே போட்டுப் பார்ப்போம். ஸ்டர்ஜஸ் விதி 1926ல் வந்தது. 40 பேருக்கு 7 கட்டம் என்கிறது, இந்த மார்க்குக்கு அகலம் சுமார் 11. ஃப்ரீட்மன்-டயகோனிஸ் சுமார் 15 சொல்கிறது. ஸ்காட் விதி சுமார் 19. எக்செல் தானாக வரைந்தால் எடுத்துக்கொள்வது இந்த ஸ்காட் விதியைத்தான். மிகக் குறைந்த மார்க்கான 18லிருந்து எண்ணினால் முதல் கட்டமே 37 வரை போய்விடும்! தோற்ற ஏழு பேரும் தேறிய எட்டுப் பேரும் ஒரே தூணில்.

மூன்று விதியும் தவறில்லை. அடியில் ஒரு வழவழப்பான வளைவு இருக்கிறது, அதை நன்றாகப் பிடிக்க எந்த அகலம் என்ற கேள்விக்கு அவை பதில் சொல்கின்றன. உயரம், எடை மாதிரி அளவுகளுக்குப் பொருந்தும். ஆனால் மார்க்கில் 35 என்று மனிதர் போட்ட கோடு இருக்கிறது, விதிக்கு அது தெரியாது. என் வழக்கம், மார்க்கைப் பார்க்கும் முன்பே ஓரம் 34.5ல் விழ வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, 5 அகலத்திலும் 10 அகலத்திலும் இரண்டையும் காட்டுவது. இரண்டிலும் தெரிவதை நம்பலாம். ஒன்றில் மட்டும் தெரிவதைச் சொல்லத் தயங்குவேன்.

தக்கலை ஆசிரியர், மறுபடியும்: அப்படியானால் நாங்கள் 33, 34ஐத் தூக்கி 35 ஆக்கிவிட்டோம் என்கிறீர்களா? தலைமை ஆசிரியர் அப்படித்தான் கேட்கிறார்.

பதில்: படம் அதைச் சொல்லாது சார். ஓரத்தில் நின்ற தாளை இன்னொருமுறை புரட்டி ஒரு படிக்கு மார்க் போட்டிருக்கலாம், அது பலர் செய்வதுதான். அல்லது 35க்கு மட்டும் குறிவைத்துச் சில பாடங்களைப் பயிற்சி கொடுத்திருக்கலாம். பயிற்சியால் வந்தது என்றால் 33லோ 34லோ கொஞ்சம் பேராவது நிற்பார்கள் என்று எனக்குத் தோன்றும், ஆனால் 40 பேரில் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. மற்ற பிரிவுகளின் மார்க்கையும் இதே ஓரங்களில், ஆள் எண்ணிக்கைக்குப் பதில் சதவீதத்தில் வரைந்து பக்கத்தில் வையுங்கள். வேறொருவர் திருத்திய பிரிவிலும் 35ல் இதே தூண் நிற்கிறதா என்று பார்க்கலாம். அந்த ஐந்து தாள்களில் அடித்து மாற்றிய மார்க் இருக்கிறதா என்று நீங்களே எடுத்துப் பார்ப்பது அதைவிடச் சீக்கிரம்.