வழிகாட்டி கேட்கும் ‘இணைப்பு’ என்பது என்ன?

கேள்வி: எல்லாக் கட்டுரைகளையும் சுருக்கி இலக்கிய மீளாய்வு எழுதிவிட்டேன். ஆனாலும் ‘இணைத்துப் பார்க்கவில்லை’ என்கிறார் வழிகாட்டி. அப்படியென்றால் என்ன?

ஒரு கட்டுரை என்ன சொல்கிறது என்பது சுருக்கம். பல கட்டுரைகளைச் சேர்த்துப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பது இணைப்பு. பத்திகளை இடம் மாற்றிப் பாருங்கள். எதுவும் கெடவில்லை என்றால் இணைப்பு இல்லை. சாட்சிகள் சொன்னதை வரிசையாக எழுதினால் தீர்ப்பாகிவிடாது அல்லவா, அதுபோலத்தான்.

நினைவாற்றல் ஆய்வுகளை எடுத்துக்கொள்வோம். பாடத்தைத் திரும்பப் படிப்பதே நல்லது என்று ஒரு முடிவு. தன்னையே சோதித்துக்கொள்வதே நல்லது என்று இன்னொன்று. அருகருகே வைத்தால்தான் காரணம் புரியும்: முதலாவதில் படித்து 5 நிமிடம் கழித்துத் தேர்வு, இரண்டாவதில் ஒரு வாரம் கழித்து. இனி உங்கள் பத்தி ஆய்வாளர்களைப் பற்றியதல்ல, கால இடைவெளியைப் பற்றியது. உங்கள் ஆய்வுக்கான தேவையும் அங்கிருந்தே பிறக்கும்.

பத்திகளுக்கு நடுவே ‘அதேபோல்’, ‘மாறாக’ என்று சேர்த்தால் போதும் எனப் பலர் நினைக்கிறார்கள்; ஏன் மாறுபடுகின்றன என்று சொல்லாதவரை அதுவும் சுருக்கம்தான்.