ஒரே அளவு, ஒரே இடம், ஆனால் ஆறே மாதம்: பட்டன் செல் குழப்பம்

கேள்வி: என் கைக்கடிகாரத்தில் முதலில் இருந்த SR626SW செல் மூன்று வருடம் ஓடியது. அப்புறம் அதே அளவில் LR626 போட்டேன். ஆறு மாதத்தில் நொடிமுள் இரண்டிரண்டு நொடியாகத் தாவுகிறது. மல்டிமீட்டரில் செல் 1.4 வோல்ட் காட்டுகிறது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் இருப்பதும் LR வகைதான், அது நன்றாகத்தானே ஓடுகிறது?

பதில்: செல் தீரவில்லை. அதன் வோல்டேஜ் இறங்கிவிட்டது, அவ்வளவுதான். நொடிமுள் தாவுவது கோளாறு அல்ல, கடிகாரத்தில் வேண்டுமென்றே வைத்த எச்சரிக்கை. வோல்டேஜ் ஒரு வரம்புக்குக் கீழே போனால் அப்படித் தாவும். அந்த வரம்பை, உங்கள் SR626SW போன்ற சில்வர் ஆக்சைடு செல் தரும் 1.55 வோல்ட்டை மனதில் வைத்துத்தான் அமைக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். உங்கள் கடிகாரம் சுமார் 1 மைக்ரோ ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். SR626SW-இல் ஏறத்தாழ 28 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். அது 28,000 மணி நேரம், அதாவது மூன்று வருடத்துக்குச் சற்று மேல். நீங்கள் சொன்னதும் அதேதான். நீங்கள் போட்ட LR626 அல்கலைன் செல். அதிலிருந்து ஆறு மாதத்தில் செலவானது 4.4 மில்லி ஆம்பியர் மணி மட்டுமே. அதே அளவு அல்கலைன் செல்லில் இருப்பு குறைவுதான் என்றாலும், இது அதில் ஒரு சிறு பங்கு. மிச்சத்தைக் கடிகாரம் நிம்மதியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஏன் இப்படி? இரண்டிலும் ஒரு பக்கம் துத்தநாகம்தான். வித்தியாசம் எதிர்ப்பக்கத்தில். சில்வர் ஆக்சைடு செல்லில் நடப்பது இது:

Zn + Ag₂O → ZnO + 2Ag

இங்கே வெள்ளி ஆக்சைடு கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளியாக மாறுகிறது. ஆனால் இரண்டும் கலப்பதில்லை. மிச்சமிருக்கும் வெள்ளி ஆக்சைடு, முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே சுத்தமான வெள்ளி ஆக்சைடாக இருக்கிறது. அதன் அளவு குறையலாம், குணம் மாறுவதில்லை. வோல்டேஜைத் தீர்மானிப்பது குணம்தான், அளவு அல்ல. ஐஸ் மிதக்கும் தண்ணீரை நினைத்துப் பாருங்கள்: கடைசித் துண்டு கரையும்வரை வெப்பம் பூஜ்யம் டிகிரியிலேயே நிற்கும், பாதி கரைந்தாலும் அதே அளவுதான். இதுவும் அதே மாதிரி. கூடவே இன்னொரு அனுகூலம்: உண்டாகும் வெள்ளி நல்ல மின்கடத்தி. அதனால் செல்லின் உள் தடையும் பெரிதாக ஏறுவதில்லை.

அல்கலைனில் மாங்கனீசு டை ஆக்சைடு. அது வேறு பொருளாகப் பிரிந்து நிற்காமல், ஒவ்வொரு துகளும் தனக்குள்ளேயே ஹைட்ரஜன் அயனிகளை ஏற்றுக்கொண்டே போகிறது. கெட்டியான உப்புக்கரைசலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதுபோல, மொத்தப் பொருளும் மெல்ல மெல்ல வேறாகிறது. அதனால் வோல்டேஜும் முதல் நாளிலிருந்தே சரிகிறது: 1.5, 1.4, 1.3 என்று. இது மட்டமான செல் என்பதல்ல, அதன் வேதியியல் அப்படி.

தெர்மாமீட்டர் ஏன் தாங்குகிறது? அதன் முனையில் இருப்பது சூட்டுக்கு ஏற்பத் தடை மாறும் தெர்மிஸ்டர். பொதுவாக அதை உள்ளே இருக்கும் ஒரு நிலையான தடையோடு ஒப்பிட்டுத்தான் அளவு எடுக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே வோல்டேஜ் போவதால், அது சற்றுக் குறைந்தாலும் விகிதம் மாறாது. ஒரு தடவைக்குச் சில நிமிட வேலைதான், அப்புறம் ஓய்வு. ஆகவே அங்கே அல்கலைன் போதும். ஆனால் திரையில் பேட்டரி அடையாளம் வந்துவிட்டால் அந்த அளவை நம்ப வேண்டாம், செல்லை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

மல்டிமீட்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அல்கலைனில் வோல்டேஜைப் பார்த்து மிச்சத்தை ஓரளவு ஊகிக்கலாம். சில்வர் ஆக்சைடில் முடியாது: புதுசும் 1.55 காட்டும், முக்கால்வாசி தீர்ந்ததும் கிட்டத்தட்ட அதையே காட்டும். அதில் 1.4 வந்துவிட்டால் கதை முடிந்தது என்று அர்த்தம், அப்புறம் சட்டென்று விழும். புது அல்கலைனும் 1.5-க்கு மேல் காட்டும் என்பதால், வகையை மீட்டரால் கண்டுபிடிக்க முடியாது. செல்லின் முதுகில் உள்ள எழுத்தைப் பாருங்கள்: SR என்றால் சில்வர் ஆக்சைடு, LR என்றால் அல்கலைன். AG4 என்று இருந்தால் ஏமாறாதீர்கள். Ag வெள்ளியின் குறியீடு என்பது உண்மைதான், ஆனால் AG எண் போட்டு வருபவை பெரும்பாலும் அல்கலைன்தான்.

கடிகாரத்துக்குத் திரும்பவும் SR626SW போடுங்கள், 377 என்றும் எழுதியிருக்கும். பிளாஸ்டிக் இடுக்கியால் எடுங்கள். உலோக இடுக்கி இரண்டு முனையையும் தொட்டால் செல் ஷார்ட் ஆகிவிடும். பழைய அல்கலைனை எடுக்கும்போது, அது இருந்த குழியில் வெள்ளைப் பூப்போல ஏதாவது படிந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். அது கசிந்த காரம். அப்படி இருந்தால் புது செல் போடும் முன் கடிகாரக்காரரிடம் கொடுத்துச் சுத்தம் செய்துவிடுங்கள். உள்ளே இருக்கும் கம்பிச்சுருளின் கம்பி தலைமுடியைவிட மெல்லியது, காரம் பட்டால் அறுந்துபோகும்.