‘அனுப்பிட்டேன்’னா யாருக்கு அனுப்பினீங்க? – இன்வாய்ஸ் டிராக்கர் கேள்வி-பதில்

போட்ட பில்லையும் வர வேண்டிய பணத்தையும் குறிச்சு வெக்கிற டிராக்கர் பத்தி போன தடவை ரெண்டு வரி எழுதினதுக்கு இத்தனை கடிதம் வரும்னு நினைக்கல. பாதிப்பேர் தொகை, தேதி எதுவுமே போடாம "பணம் வரல சார், என்ன பண்ணலாம்"னு மட்டும் கேட்டிருக்கீங்க. ஜாதகம் பார்க்கிறவர்கூட பிறந்த தேதி கேட்பார். விவரம் இருக்கிற கடிதங்களுக்கு மட்டும் பதில்.

கேள்வி: டிராக்கருக்கு எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்? மாசம் 12 பில் போடுறேன்.

12 பில்லுக்கு எதுக்கு சாஃப்ட்வேர், ஒரு ஷீட் போதும்.

கேள்வி: அந்த ஷீட்ல என்னென்ன காலம், அதாவது நெடுவரிசை, வேணும்? ஸ்டேட்டஸ் காலத்துல டிராஃப்ட், சென்ட், பெய்டுனு டிராப்டவுன் வெச்சிருக்கேன், ஆனா மாத்த மறந்துடுறேன்.

மறக்கத்தான் செய்வீங்க, அதனாலதான் ஸ்டேட்டஸைக் கையால போடாதீங்கனு சொல்றேன். தேதியும் தொகையும் மட்டும் போடுங்க, ஸ்டேட்டஸ் தானா வரட்டும். A-ல பில் நம்பர், B கஸ்டமர், C மொத்தத் தொகை, D டிராஃப்ட் போட்ட தேதி, E அனுப்பின தேதி, F கஸ்டமரோட கணக்குப் புக்ல ஏறின தேதி, G டியூ தேதி, H பேங்க்ல வந்தது, I கஸ்டமர் வரியா பிடிச்சுக்கிட்ட டிடிஎஸ், J பாக்கி, K ஸ்டேட்டஸ். J2-லயும் K2-லயும் இந்த ரெண்டு ஃபார்முலாவைப் போட்டு கீழ இழுத்துடுங்க:

```
=C2-H2-I2
=IF(ABS(J2)<1,"PAID",IF(E2="","DRAFT",IF(TODAY()>G2,"OVERDUE","SENT")))
```

ஒரு ரூபாய்க்குள்ள வர்ற ரவுண்டிங் வித்தியாசத்துக்காக ABS போட்டிருக்கேன். இதுல ஒரு குழி இருக்கு, டிராஃப்ட் வரியில தொகை போடாம விட்டீங்கனா பாக்கி பூஜ்யமாகி PAID-னு காட்டிடும், அதனால உத்தேசத் தொகையாவது போட்டுடுங்க. டியூ தேதி போடாம அனுப்பினா உடனே OVERDUE-னு கத்தும், அது கத்தட்டும், டியூ தேதி இல்லாம பில் அனுப்புறவருக்கு அது தேவைதான்.

கேள்வி: டிராஃப்ட் போடும்போதே பில் நம்பர் கொடுத்துடலாமா? நடுவுல ரெண்டு டிராஃப்டை டெலீட் பண்ணிட்டேன், நம்பர் இடிக்குது.

கொடுக்கவே கூடாது. ஜிஎஸ்டி விதிப்படி நம்பர் வரிசையா போகணும், ஒரு நிதியாண்டுக்குள்ள திரும்ப வரக்கூடாது, 16 எழுத்துக்கு மேல நீளக்கூடாது. டிராஃப்டுக்கு A காலத்தை வெறுமனே விடுங்க, அனுப்புற நிமிஷத்துலதான் நம்பர், அன்னிக்குத்தான் பில் தேதி. நம்பர் கொடுத்து அனுப்பினதுக்கு அப்புறம் தப்புனு தெரிஞ்சா அந்த வரியை அழிக்காதீங்க, கேன்சல்னு எழுதி அப்படியே விடுங்க. ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன்ல எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பர் வரைக்கும் போட்டீங்க, அதுல எத்தனை கேன்சல்னு ஒரு டேபிள் இருக்கே, அங்க கணக்கு இடிக்கும்.

தேதி விஷயத்துல இன்னொண்ணு. மார்ச் 31 தேதி போட்டு டிராஃப்ட் பண்ணி, ஏப்ரல் 8 அனுப்புறவங்க நிறைய. மாசா மாசம் ரிட்டர்ன் போடுறவங்களுக்கு அந்த பில்லோட ஜிஎஸ்டி மார்ச் கணக்குல விழுந்து ஏப்ரல் 20க்குள்ள கட்டணும், கஸ்டமரோ 30 நாளை பில் கையில கிடைச்ச நாள்ல இருந்து எண்ணுவார். வராத பணத்துக்கு உங்க கைக்காசுல வரி கட்டுறீங்க. அதுக்காக பில்லையே மாசக்கணக்கா தள்ளிப் போடலாம்னு அர்த்தம் இல்ல, சர்வீஸ்னா வேலை முடிஞ்ச 30 நாளுக்குள்ள பில் போட்டாகணும். டிராஃப்ட் ஒரு வாரத்துக்கு மேல டிராஃப்டாவே இருந்தா ஏன்னு அந்த வார ரிவ்யூவுலயே கேளுங்க.

கேள்வி: ஒரு கம்பெனிக்கு பில் அனுப்பி 60 நாள் ஆச்சு. டிராக்கர்ல பக்காவா ‘சென்ட்’னு இருக்கு, வாரா வாரம் பார்க்கிறேன், ஆனா பணம் வரல. டிராக்கர் வெச்சு என்ன பிரயோஜனம்?

எத்தனை தடவை சொல்றது! யாருக்கு அனுப்பினீங்க? கடிதத்தைத் திரும்பப் படிச்சுப் பார்த்தேன், "புராஜெக்ட் மேனேஜருக்கு வாட்ஸ்அப்ல பிடிஎஃப் அனுப்பினேன், ப்ளூ டிக் வந்துச்சு"னு எழுதியிருக்கீங்க. ப்ளூ டிக் வந்தா அவர் மொபைல்ல திறந்தார்னு அர்த்தம். பணம் போடுறது அவரா? அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தர் பில்லை எடுத்து, பிஓ, அதாவது பர்ச்சேஸ் ஆர்டர், நம்பரோட ஒத்துப் பார்த்து, அவங்க சிஸ்டத்துல ஏத்தினாத்தான் அது பேமெண்ட் லிஸ்ட்டுக்கே வரும். அதுவரைக்கும் உங்களுக்கு அது பில், அவங்களுக்கு அது ஒரு ஃபார்வர்டு மெசேஜ்.

இது எனக்கே நடந்ததுதான். ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு மில்லுக்கு கணக்கு வேலை செஞ்சு கொடுத்துட்டு பர்ச்சேஸ் ஆபீசருக்கு மெயில்ல பில் அனுப்பினேன். நோட்டுல ‘அனுப்பியாச்சு’னு எழுதி டிக் அடிச்சேன். வாரா வாரம் அந்த டிக்கைப் பார்த்து திருப்தியா அடுத்த வரிக்குப் போவேன். 45 நாள் டியூ முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணா, அந்த ஆபீசர் வேலையை விட்டே மூணு வாரம் ஆச்சாம். அக்கவுண்ட்ஸ்ல இருந்த அம்மா பொறுமையா தேடிப் பார்த்துட்டு "சார், அப்படி ஒரு பில்லே எங்ககிட்ட இல்லையே, இன்னிக்கு அனுப்புங்க, இன்னியில இருந்து 45 நாள்"னாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. பில்லுல பிஓ நம்பரும் போடல நான், அதனால மறுபடி அனுப்பினதும் ஒரு தடவை திரும்பி வந்துச்சு. மூணு மாசம் போச்சு.

அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் F காலம், ‘ஏறின தேதி’. பில் அனுப்பின மூணாவது நாள் அக்கவுண்ட்ஸுக்கு ஒரு போன். பணம் கேட்டு இல்ல, அதுக்கு இன்னும் நேரம் இருக்கு. "நம்ம 37ஆம் நம்பர் பில் உங்க புக்ல ஏறிடுச்சாங்க, டியூ என்ன தேதி காட்டுது?"னு மட்டும் கேளுங்க. ஏறிடுச்சுனா அந்தத் தேதியை F-ல போடுங்க, அவங்க சொன்ன டியூவை G-ல போடுங்க. ஏறலைனா காரணம் அப்பவே தெரிஞ்சிடும், பிஓ நம்பர் இல்ல, ஜிஎஸ்டி நம்பர் தப்பு, சரக்கு வந்த என்ட்ரி ஸ்டோர்ஸ்ல போடல, இப்படி ஏதாவது ஒண்ணாத்தான் இருக்கும். அஞ்சு நிமிஷத்துல திருத்தக்கூடிய விஷயத்தை 60 நாள் கழிச்சுக் கண்டுபிடிக்கிறதுக்கா டிராக்கர்? வார ரிவ்யூவுல E இருந்து F காலியா இருக்கிற வரிகளைத்தான் முதல்ல பாருங்க, OVERDUE எல்லாம் அதுக்கு அப்புறம். இன்னொரு தடவை சொல்றேன், F காலியா இருந்தா பில் போய்ச் சேரலனு வெச்சுக்கோங்க.

கேள்வி: 80,000க்கு கன்சல்டிங் பண்ணி ஜிஎஸ்டியோட 94,400க்கு பில் போட்டேன். 86,400தான் வந்துச்சு. பாக்கி கேட்டா ‘ஃபுல்லா செட்டில் பண்ணிட்டோம்’ங்கிறாங்க. ஏமாத்துறாங்களா?

இல்லைங்க, 8,000 டிடிஎஸ். புரொஃபஷனல் ஃபீஸ்னா 10%, 80,000க்கு 8,000, சரியாத்தான் பிடிச்சிருக்காங்க. H-ல 86,400, I-ல 8,000 போடுங்க, J பூஜ்யமாகி வரி தானா PAID ஆகிடும். இதுவே 84,960 வந்திருந்தா சண்டை போடலாம், அது ஜிஎஸ்டியையும் சேர்த்து 94,400க்கு 10% பிடிச்ச கணக்கு. பில்லுல ஜிஎஸ்டியைத் தனியா காட்டியிருந்தா அது மேல டிடிஎஸ் பிடிக்கக்கூடாது.

PAID ஆனதோட I காலத்தை மறந்துடாதீங்க. அந்த 8,000 உங்க பேன் கார்டு நம்பர்ல ஏறினாத்தான் உங்க பணம். அவங்க காலாண்டு ரிட்டர்ன் போட்ட அப்புறம் வருமான வரி போர்ட்டல்ல 26ஏஎஸ் ஸ்டேட்மெண்ட்ல தெரியும், தெரிஞ்சதும் அந்த செல்லுக்கு பச்சைக் கலர் அடிங்க. பிடிச்சுட்டு கட்டாம விடுறவங்களும் உண்டு, வருஷக் கடைசியில தேடினா ஆள் மாறியிருப்பாங்க.

கேள்வி: கஸ்டமர் ‘போட்டாச்சு சார்’னு சொன்னதும் பெய்டுனு மாத்திடலாமா?

பேங்க் ஸ்டேட்மெண்ட்ல பார்த்த அப்புறம். ஸ்கிரீன்ஷாட்டும் செல்லாது.

கேள்வி: ஒரே கஸ்டமருக்கு நாலு பில் நிக்குது, மொத்தமா 1,50,000 போட்டுட்டு எந்த பில்லுக்குனு சொல்லல. பழைய பில்லுல இருந்து கழிச்சுக்கலாமா?

கேட்காம கழிக்காதீங்க. அவங்க புக்ல மூணாவது பில்லும் நாலாவது பில்லும் செட்டில் ஆகியிருக்கும், நீங்க முதல் பில்லை மூடியிருப்பீங்க, ரெண்டு மாசம் கழிச்சு முதல் பில் பாக்கினு அவங்க சொல்ல, இல்லவே இல்லனு நீங்க சொல்ல, கூத்துதான். பேமெண்ட் அட்வைஸ் கேளுங்க, பில் வாரியா தொகையும் டிடிஎஸ்ஸும் அதுல இருக்கும். முதல் பில்லை வேணும்னே தாண்டியிருந்தாங்கனா அதுல ஏதோ தகராறு இருக்கு, அதுவும் அப்பவே வெளிய வந்துடும்.

கேள்வி: உத்யம் ரிஜிஸ்டர் பண்ணின சின்ன யூனிட் நாங்க. 45 நாள் சட்டம்ங்கிறாங்களே, பில் தேதியில இருந்தா?

இல்ல. மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்கு எம்எஸ்எம்இ சட்டம் எண்ணுறது சரக்கை, சர்வீஸை அவங்க ஏத்துக்கிட்ட நாளை வெச்சு. டெலிவரி ஆகி 15 நாளுக்குள்ள எழுத்துல ஆட்சேபம் வரலைனா டெலிவரி நாளேதான் கணக்கு. எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதுல சொன்ன நாள், ஆனா 45க்கு மேல போகக்கூடாது. ஒப்பந்தமே இல்லைனா 15 நாள்தான், இது பலபேருக்குத் தெரியாது. அதனால உங்க ஷீட்ல டெலிவரி தேதிக்கு ஒரு காலம் கூடுதலா வேணும், சீல் போட்ட டெலிவரி சலானை ஸ்கேன் பண்ணி வெச்சுக்கோங்க. ஆட்சேபம் சொல்ற இடத்துல அதுதான் பேசும். வாங்கி விக்கிற டிரேடர்ஸ் இதை நம்பாதீங்க, தாமதப் பணத்துக்கான இந்தப் பாதுகாப்பு அவங்களுக்கு இல்ல.

கேள்வி: வார ரிவ்யூ என்னிக்கு வெச்சுக்கறது? ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் ஃப்ரீயா இருக்கேன்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி யாருக்கு போன் பண்ணுவீங்க? ரிவ்யூனா ஷீட்டைப் பார்த்துட்டு மூடுறது இல்ல. நான் புதன்கிழமை காலையில உட்கார்றேன். முதல்ல பேங்க் ஸ்டேட்மெண்ட்டை வெச்சு H-ஐ நிரப்பணும், அதுக்கு முன்னாடி யாருக்கும் நினைவூட்டல் அனுப்பக்கூடாது, பணம் போட்டவர்கிட்டயே பணம் கேட்டா மானம் போகும். அப்புறம் F காலி, அப்புறம் OVERDUE, கடைசியா நிக்கிற டிராஃப்ட். 20 வரினா அரை மணி நேரம். வெள்ளிக்கிழமை பேமெண்ட் ரன் வெச்சிருக்கிற கம்பெனிகளுக்கு புதன்கிழமை போன் பண்ணா அந்த வாரமே லிஸ்ட்ல ஏற வாய்ப்பு இருக்கு, வெள்ளி சாயங்காலம் பண்ணா அடுத்த வாரம்தான்.

கேள்வி: ப்ரொஃபார்மா இன்வாய்ஸையும் இதே ஷீட்ல போடலாமா?

வேண்டாம். அது பில் இல்ல, கொட்டேஷனோட அண்ணன். தனி ஷீட்ல போடுங்க.

கேள்வி: மூணு வருஷமா வராத பில் ஒண்ணு இருக்கு, ஷீட்ல இருந்து எடுத்துடலாமா?

எந்த மாசத்து பில், கஸ்டமர் கடைசியா எப்போ எழுத்துல பாக்கியை ஒத்துக்கிட்டார், கடைசியா எப்போ கொஞ்சமாவது பணம் போட்டார்? வசூல் வழக்குக்குப் பொதுவா மூணு வருஷம்தான் கெடு, இந்தத் தேதிகளை வெச்சுத்தான் அது முடிஞ்சுதா இன்னும் ஓடுதானு தெரியும். எடுக்கிறதைப் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல இந்த வாரமே பாக்கி கன்ஃபர்மேஷன் லெட்டர் அனுப்பி கையெழுத்து வாங்கப் பாருங்க, ஒரு வக்கீலையும் பாருங்க. தேதியோட திரும்ப எழுதுங்க.