20 சதவீத ஏற்ற இறக்கத்தை ஏன் பன்னிரண்டால் வகுக்கக்கூடாது?

*கேள்வி: பங்கின் ஆண்டு ஏற்ற இறக்கம் 20%. மாதத்துக்கு ஒரு படி என்று பைனாமியல் மரம் போடுகிறேன். ஒரு படிக்கு 20/12 = 1.67% என்று எடுப்பதுதானே நியாயம்? எல்லோரும் u = e^(σ√Δt) என்கிறார்கள். அந்த வர்க்கமூலம் எங்கிருந்து வருகிறது? u, d இரண்டிலும் வட்டி விகிதமே இல்லையே, அது ஏன்?*

வகுக்கலாம், ஆனால் வகுக்க வேண்டியது 20 சதவீதத்தை அல்ல, அதன் வர்க்கத்தை. ஏற்ற இறக்கம் என்பது மடக்கை வருமானத்தின் திட்ட விலக்கம். ஒரு மாதத்து நகர்வும் அடுத்த மாதத்து நகர்வும் ஒன்றையொன்று சாராதவை என்று இந்த மாதிரி எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட நகர்வுகளைக் கூட்டும்போது திட்ட விலக்கங்கள் கூடுவதில்லை. விலக்க வர்க்கச் சராசரிகள்தான் கூடும். ஆண்டு முழுவதற்குமான விலக்க வர்க்கச் சராசரி 0.20 × 0.20 = 0.04. அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு மாதத்துக்கு 0.00333. அதன் வர்க்கமூலம் 0.0577, அதாவது 5.77%. σ என்பது ஆண்டு ஏற்ற இறக்கம், Δt என்பது ஆண்டுக்கணக்கில் ஒரு படியின் நீளம்; σ√Δt என்று எழுதுவது இந்தக் கணக்கைத்தான்.

உங்கள் 1.67 சதவீதத்தை அதே வழியில் திருப்பிப் பாருங்கள். பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 1.67 × √12, சுமார் 5.77%. அதாவது ஆண்டுக்கு 20% ஆடும் பங்கை விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஆறு சதவீதம்கூட ஆடாத வேறொரு பங்குக்கு விலை போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இனி மரத்துக்கு வருவோம். ஒவ்வொரு படியிலும் விலை u மடங்காகும் அல்லது d மடங்காகும் என்று இரண்டிரண்டாகக் கிளைபிரித்துக்கொண்டே போவதுதான் பைனாமியல் மரம். ஒவ்வொரு படியிலும் நம் கையில் மூன்று தெரியாத எண்கள் இருக்கின்றன: ஏறுகாரணி u, இறங்குகாரணி d, ஏறுவதற்கான நிகழ்தகவு p. நிபந்தனைகளோ இரண்டுதான். மரத்தின் சராசரி, இடரற்ற ஆண்டு வட்டியான r-இல் வளர வேண்டும். மரத்தின் விலக்க வர்க்கச் சராசரி σ²Δt ஆக இருக்க வேண்டும். மூன்றாவதை நாமே விதித்துக்கொள்ளலாம். காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டீன் ஆகிய மூவரும் 1979 கட்டுரையில் ud = 1 என்று விதித்தார்கள். ஒரு படி ஏறி ஒரு படி இறங்கினால் புறப்பட்ட விலைக்கே வந்துவிடலாம் என்பது இதன் பொருள். பிறகு வேலை எளிது. மடக்கையில் ஒவ்வொரு படியும் +x அல்லது −x; எந்தப் பக்கம் போனாலும் அதன் வர்க்கம் x². அது σ²Δt ஆக வேண்டுமென்றால் x = σ√Δt. சராசரியின் வர்க்கத்தைக் கழிக்கவில்லையே என்று கேட்கலாம். அது Δt-இன் வர்க்க அளவில் வருவது. படி சிறிதாக இருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை.

வட்டி எங்கே போனது என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. விலை எவ்வளவு அகலமாக விரிகிறது என்பதை மட்டும் u, d சொல்கின்றன. எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை p சொல்கிறது:

```
u = e^(σ√Δt)
d = 1/u
p = (e^(rΔt) − d) / (u − d)
```

இது கட்டாயமான ஏற்பாடு அல்ல. ஜாரோ, ரட் இருவரும் p-ஐ ½ என்று வைத்துவிட்டு, வட்டியை u, d-க்குள் கொண்டுபோனார்கள்; அங்கே u = e^((r − σ²/2)Δt + σ√Δt). படிகள் பெருகும்போது இரண்டு மரங்களும் ஒரே விலைக்குத்தான் போகின்றன. ஒரு மரத்தின் u-வை எடுத்து இன்னொரு மரத்தின் p-யோடு சேர்ப்பதுதான் ஆபத்து. அப்படிச் சேர்த்து எழுதிய எக்செல் கோப்புகள் உலவுகின்றன, எச்சரிக்கையாக இருங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கால் ஆப்ஷன் என்பது ஸ்ட்ரைக் என்ற முன்கூட்டியே குறித்த விலையில் பங்கை வாங்கும் உரிமை; ஐரோப்பிய வகையில் அந்த உரிமையைக் கடைசி நாளில் மட்டுமே பயன்படுத்தலாம். பங்கு விலை 100, ஸ்ட்ரைக் 100, மூன்று மாத ஐரோப்பியக் கால் ஆப்ஷன், வட்டி 6%, ஏற்ற இறக்கம் 20%, டிவிடெண்ட் இல்லை. மாதத்துக்கு ஒரு படி. u = e^0.0577 = 1.0594, d = 0.9439. ஒரு மாத வட்டிக் காரணி 1.0050. ஆகவே p = 0.0611 / 0.1155 = 0.529. மூன்று படி முடிவில் விலைகள் 118.91, 105.94, 94.39, 84.10. மேல் இரண்டு முனைகளில் மட்டுமே பணம் கிடைக்கும்: 18.91, 5.94. அவற்றின் நிகழ்தகவுகள் 0.148, 0.395. பெருக்கிக் கூட்டி இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 5.07. மரம் உண்மையில் எவ்வளவு ஆடுகிறது என்பதையும் சோதிக்கலாம். ஒரு படியின் திட்ட விலக்கம் 2 × 0.0577 × √(p(1−p)). அதை ஆண்டுக்கு மாற்றினால் 19.97%. மேலே நாம் விட்டுவிட்ட சிறு பகுதிதான் அந்த 0.03.

இப்போது உங்கள் வழி: u = e^(0.20/12) = 1.0168, d = 0.9835, p = 0.646. கவனியுங்கள், p பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஒழுங்காகவே உட்கார்ந்திருக்கிறது; பிழைச் செய்தி எதுவும் வராது. விலை மட்டும் 2.10 என்று வரும். மரம் போடாமல் நேரடியாக விலை தரும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தின்படி விலை 4.75.

பிளாக்-ஷோல்ஸ் பக்கத்தில் இல்லாதபோதும் இந்தத் தவற்றைப் பிடிக்க ஒரு வழி உண்டு: படிகளைக் கூட்டிக்கொண்டே போங்கள். σΔt என்று போட்ட மரத்தில் n படிகளின் மொத்த விலக்க வர்க்கச் சராசரி சுமார் n(σΔt)², அதாவது σ²T²/n. n பெருகப் பெருக இது மறைந்துவிடும். ஆட்டமே இல்லாத பங்கின் கால் விலை 100 − 100e^(−0.015) = 1.49, உங்கள் மரம் அதை நோக்கித்தான் இறங்கும். சரியான மரம் 4.75-ஐச் சுற்றி நிலைகொள்ளும்.

அலகுகளிலும் இதே மாதிரியான விபத்து நடக்கும். தினசரி விலையிலிருந்து 1.26% என்று திட்ட விலக்கம் எடுத்தால், ஆண்டுக்கு 252 வர்த்தக நாட்கள் என்று வைத்து √252-ஆல் பெருக்கினால்தான் அது 20% ஆகும். Δt ஆண்டில் இருந்தால் σ-வும் r-உம் ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டும்.

சூத்திரமே கைவிடும் இடம் ஒன்றும் உண்டு. p அர்த்தமுள்ளதாக இருக்க d < e^(rΔt) < u என்பது வேண்டும். அதாவது σ√Δt > rΔt, வேறுவிதமாகச் சொன்னால் Δt < σ²/r². σ = 4%, r = 8% என்றால் வரம்பு 0.25 ஆண்டு. அரையாண்டுப் படி வைத்தால் u = 1.0287, வட்டிக் காரணியோ 1.0408; p = 1.21 என்று வந்து நிற்கும். ஒன்றைத் தாண்டிய நிகழ்தகவை 1 என்று வெட்டிச் சரிசெய்ய வேண்டாம். வங்கியில் போட்ட பணம் பங்கின் சிறந்த நிலையையும் மிஞ்சுகிறது என்று மரம் சொல்கிறது. படியைச் சிறிதாக்குவதே மருந்து. பங்குகளில் இது அரிது. அதிகம் அசையாத நாணயங்களில், இரு நாட்டு வட்டிகளுக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும்போது வரும். அங்கே r-க்குப் பதில் அந்த வட்டி வித்தியாசத்தைப் போட வேண்டும்.

மூன்று படியில் 5.07 வந்தது, உண்மை 4.75 என்று கவலைப்படாதீர்கள். அதே மூன்று மாதத்தை நான்கு படியாக்கினால் 4.51 வரும். ஸ்ட்ரைக்கும் பங்கு விலையும் ஒன்றாக இருக்கும்போது, ஒற்றைப்படையில் ஸ்ட்ரைக் இரு முனைகளுக்கு நடுவிலும் இரட்டைப்படையில் முனையின் மேலேயும் விழுவதால் விலை மாறி மாறித் தாவும். இரண்டின் சராசரி 4.79. நூறு படி போடப் பொறுமையில்லாதபோது நான் இந்தச் சராசரியைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.