21 எப்படி வந்தது?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஓர் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். பனியன் கம்பெனி வேலைக்காக பீகாரிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் என் வகுப்பில் படிக்கிறார்கள். கூட்டல், கழித்தலை வேகமாகப் போடுகிறார்கள். தமிழும் நன்றாகப் பேசுகிறார்கள். வாக்கியக் கணக்கு என்றால் மட்டும் "டீச்சர், கூட்டலா கழித்தலா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். 'மொத்தம், அதிகம் என்று வந்தால் கூட்டு. மீதி, குறைவு என்று வந்தால் கழி' என்று அட்டை எழுதி ஒட்டினேன். பயனில்லை. வேறு என்ன செய்யலாம்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் அந்த அட்டையைக் கழற்றிவிடுங்கள். இந்தக் கணக்கைப் பாருங்கள்: "மீனாவிடம் 15 மணிகள் உள்ளன. இது ராணியிடம் உள்ளதைவிட 6 அதிகம். ராணியிடம் எத்தனை மணிகள் உள்ளன?" அட்டையை நம்பும் பிள்ளை 'அதிகம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு 21 என்று எழுதும். விடை 9. கதையைப் படிக்காமலே கணக்கைப் போட்டுவிடலாம் என்பதைத்தான் அட்டை கற்றுக்கொடுக்கிறது. மொழி தடுமாறும் பிள்ளைக்கு அதைவிட வசதியான ஒளிவிடம் கிடையாது.

அடுத்து, தவறு எந்த இடத்தில் நிகழ்கிறது என்று பாருங்கள். 1977இல் ஆஸ்திரேலியாவில் ஆன் நியூமன் என்பவர் இதற்கு ஒரு வழி சொன்னார். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வரிசையாகக் கேட்க வேண்டும். கணக்கை வாசித்துக் காட்டு. என்ன கேட்கிறார்கள், சொல். எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறாய்? போட்டுக் காட்டு. விடையை எழுது. எந்தக் கேள்வியில் பிள்ளை நிற்கிறதோ அங்கேதான் நம் வேலை. உங்கள் பிள்ளைகள் நான்காவது கேள்வியில் தேறிவிடுவார்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. பெரும்பாலும் இரண்டாவதில்தான் நிற்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் இன்னும் பத்துக் கழித்தல் கணக்கு கொடுப்பதால் ஒன்றும் மாறாது.

தெருவில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இது ஏன் புரியவில்லை? விளையாட்டில் அது கேட்பது "எங்கிட்ட ஆறு கூட இருக்கு" என்ற தமிழ். புத்தகம் சொல்வது 'ராணியிடம் உள்ளதைவிட'. தமிழ் வீட்டுப் பிள்ளையே அங்கே ஒரு கணம் தயங்கும். பீகார்ப் பிள்ளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ பேசினாலும், ஊரில் பள்ளிக்குப் போயிருந்தால் அது படித்தது இந்தியில். இந்தியில் பெயர் ஒரு சொல்லாக நிற்கும். 'கோ', 'ஸே' போன்ற வேற்றுமை உருபுகள் எல்லாம் அதன் பின்னால் தனியாக எழுதப்படும். தமிழில் அவை பெயரோடு ஒட்டிவிடுகின்றன. மீனாவுக்கு, மீனாவிடம், மீனாவைவிட எல்லாமே அவசரமாக வாசிக்கும் பிள்ளைக்கு வெறும் 'மீனா'தான். யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்ற செய்தி முழுவதும் அந்த வாலில் இருக்கிறது. வாலைத் தவறவிட்டால் கதையே போய்விடும்.

ஆகவே வாலை மட்டும் மாற்றி விளையாடுங்கள். மீனா, ராணி என்று இரண்டு தட்டு. ஒவ்வொன்றிலும் 10 புளியங்கொட்டை. "ராணி மீனாவுக்கு 4 கொடுத்தாள்" என்று பலகையில் எழுதுங்கள். பிள்ளை பேச வேண்டாம், கொட்டையை நகர்த்தினால் போதும். ராணியிடம் 6, மீனாவிடம் 14 வர வேண்டும். பிறகு மறுபடி பத்துப் பத்தாக வைத்து "ராணிக்கு மீனா 4 கொடுத்தாள்" என்று எழுதுங்கள். பெயர்களின் வரிசை அதே, எண்ணும் அதே. கை எந்தத் தட்டுக்குப் போகிறது என்பதே உங்களுக்குப் பதில். இதைச் சோதிக்க நீங்கள் இந்தி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இது பழகியதும் மணிக் கணக்குக்கு வாருங்கள், ஆனால் எண்களை அழித்துவிட்டு. "மீனாவிடம் மணிகள் உள்ளன. இது ராணியிடம் உள்ளதைவிட அதிகம். யாரிடம் குறைவு?" எண் இல்லாதபோது "கூட்டலா கழித்தலா" என்று கேட்க வழியில்லை, கதையைத்தான் யோசித்தாக வேண்டும். பீகார்ப் பிள்ளைகள் இருவர் இருந்தால் இந்தியிலேயே பேசி முடிவுசெய்யட்டும், தடுக்காதீர்கள். 'ராணியைவிட 6 அதிகம்' என்பதன் சொல்வரிசை இந்தியிலும் அப்படியே வருவதால் அவர்களுக்கு அது உதவும். பிறகு ஒருவர் தமிழில் சொல்லட்டும். குறைவு ராணியிடம் என்று உறுதியான பின் 15, 6 இரண்டையும் எழுதுங்கள். அப்போதும் 21 வந்தால் அழிக்காதீர்கள். மீனாவின் 15, ராணியின் 21, இரண்டையும் கொட்டைகளாக அடுக்கச் சொல்லி, "யாரிடம் குறைவு என்றாய்?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் பிள்ளையே கலைத்து அடுக்கும்.

கணக்கை எப்போதும் பேச்சுத் தமிழில் மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள் என்றும் சொல்வேன். தேர்வுத்தாளில் 'உள்ளதைவிட'தான் வரும். கொட்டைகளை நகர்த்தி முடித்ததும் புத்தக வாக்கியத்தை அதே பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும். பிறகு அதே அமைப்பில் சொந்தமாக ஒரு கணக்கு எழுதட்டும்.

இன்னொரு பிள்ளை இந்தியில் சொல்லி, கொட்டைகளையும் கையில் கொடுத்த பிறகும் ஒரு பிள்ளை தவறினால், அங்கே சிக்கல் தமிழ் அல்ல. 'எவ்வளவு அதிகம்' என்ற ஒப்பீடே அதற்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டு வரிசைக் கொட்டைகளை ஒன்றுக்கு ஒன்று நேராக அடுக்கி, துணையில்லாமல் நிற்பவற்றை எண்ணுவதிலிருந்து தொடங்குங்கள்.