சாட்பாட் ஏன் தலையாட்டுகிறது?

மீன்பிடித் தடைக்காலம் எத்தனை நாள் என்று சாட்பாட்டிடம் கேட்டேன். 61 என்றது. "45 தானே?" என்று கேட்டதும் மன்னிப்புக் கேட்டுவிட்டு 45 என்கிறது. அதற்கு விஷயம் தெரியுமா, தெரியாதா?
*— விசைப்படகு உரிமையாளர், தங்கச்சிமடம்*

முதலில் சொன்னதுதான் சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். தமிழ்நாட்டில் 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்ததால் பழைய செய்திகளில் அந்த எண்ணும் நிறையக் கிடக்கிறது.

சாட்பாட்டை இயக்கும் மொழி மாடல், ஏராளமான உரைகளைப் படிக்கும் முதல் கட்டமான முன்பயிற்சியில் இந்த இரண்டு எண்களையும் படித்திருக்கும். அங்கே அதற்கு ஒரே வேலை, அடுத்து வரும் சொல்துண்டை ஊகிப்பது. எது இன்றைய விதி என்று யாரும் தனியாகச் சொல்லித்தருவதில்லை.

மன்னிப்புக் கேட்கும் குணம் பெரும்பாலும் கடைசிக் கட்டமான பின்னூட்டப் பயிற்சியில் வலுப்படுகிறது. ஒரே கேள்விக்கு வந்த பதில்களை ஆட்களிடம் காட்டி, எது மேல் என்று கேட்பார்கள். அந்தத் தேர்வுகளைப் பார்த்து மதிப்பெண் போட இன்னொரு மாடலைப் பழக்குவார்கள். அப்புறம் அந்த மதிப்பெண் கூடும்படி சாட்பாட்டைத் திருத்துவார்கள். நம் கருத்தோடு ஒத்துப்போகிற பதில் நமக்குப் பிடித்துவிடுகிறது, அது தப்பாக இருந்தாலும். அந்தச் சாய்வு அப்படியே மாடலுக்குள் இறங்கிவிடுகிறது. இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயம்.

சோதிக்க வழி உண்டு. புது உரையாடல் திறந்து, எந்தக் குறிப்பும் தராமல் கேளுங்கள். பதில் வந்ததும் "75 நாள்தானே?" என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் எந்தக் காலத்திலும் இல்லாத அந்த எண்ணுக்கும் ஆமாம் போட்டால், அது உங்களுக்கு இணங்கிப் போகிறது என்று அர்த்தம்.

முன்பயிற்சி மட்டும் முடிந்த மாடலிடம் இதே கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும்?
*— கல்லூரி மாணவி, கீழக்கரை*

பதில் வரலாம், வராமலும் போகலாம். "நாட்டுப்படகுக்கும் தடை உண்டா? நிவாரணத் தொகை எப்போது வரும்?" என்று கேள்விகளையே அடுக்கிக்கொண்டு போகவும் கூடும். இணையத்தில் கேள்விக்குப் பின்னால் கேள்வி வரும் பக்கங்கள் ஏராளம், அதைத்தான் அது தொடர்கிறது.

கேட்டால் பதில் சொல்லும் பழக்கம் அறிவுறுத்தல் பயிற்சியில் வருகிறது. ஆட்கள் எழுதிய மாதிரிப் பதில்களைக் காட்டிப் பழக்குவது அது. ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-3 மாடல் முன்பயிற்சியில் பார்த்தது சுமார் 30,000 கோடி டோக்கன், அதாவது சொல்துண்டுகள். அதையே சொன்னபடி கேட்கப் பழக்கி 2022-ல் வெளியான இன்ஸ்ட்ரக்ட்ஜிபிடி ஆய்வில் இந்த இரண்டாம் கட்டத்துக்கு ஏறக்குறைய 13,000 கேள்விகளே போதுமாக இருந்தன. இதில் புது அறிவு பெரிதாகச் சேர்வதில்லை, நடத்தைதான் மாறுகிறது. மாதிரிகள் எல்லாமே உறுதியான பதில்களாக இருந்தால், தெரியாததையும் உறுதியாகச் சொல்லப் பழகிவிடும்.

நான் திருத்திச் சொன்னதை அது அடுத்தவருக்கும் சொல்லுமா?
*— ஆசிரியர், தொண்டி*

சொல்லாது. உங்கள் திருத்தம் அந்த உரையாடலில் எழுதிய வரியாக மட்டும் இருக்கிறது, மாடலின் உள்ளே இருக்கும் எண்கள் மாறுவதில்லை. நிறுவனம் அந்த உரையாடலைப் பின்னால் ஒரு பயிற்சியில் சேர்த்தால்தான் மாற வழி உண்டு. தடைக்காலத் தேதிக்கு மீன்வளத் துறை அறிவிப்பையே பாருங்கள்.